கலைச்சொல் விவாதம்: ‘சூலகச் செயலிழப்பு’ சரியான சொல்தானா?

பாளையங்கோட்டை உயிரியல் ஆசிரியை:
அன்பர்களே, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டர்னர் குறைபாடு பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாததை ‘ஒற்றை எக்ஸ் நிலை’ என்று எழுதிவிட்டேன், அதில் சிக்கலில்லை. அதனால் சூலகம் சின்ன வயதிலேயே கெடுவதை ‘முன்கூட்டிய சூலகச் செயலிழப்பு’ என்றேன். ஒரு பிள்ளை கேட்டாள்: “அப்போ முதல்ல வேலை செஞ்சிட்டு அப்புறம் நின்னு போச்சா டீச்சர்?” பதில் சொல்ல வரவில்லை. வேறு சொல் உண்டா?

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘செயலிழப்பு’ மோட்டார் பம்புக்குச் சொல்வது. சூல் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. கோடையில் குளம் வற்றுவதுபோல முட்டை வற்றுகிறது என்றால் ‘சூல்வற்றல்’ எனலாமே. ஒரு சந்தேகம். பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று எப்படியும் முடங்கித்தான் கிடக்குமாம். அப்படியானால் ஒன்று இல்லாமல் போனால் என்ன குறை வந்துவிடப் போகிறது?

நெல்லை, பெண்கள் நல மருத்துவர்:
ஐயா சொன்னது பாதி சரி. ஒரு எக்ஸ் முடங்குவது உண்மை, முழுக்க முடங்குவதில்லை. அதிலுள்ள மரபணுக்களில் ஏறக்குறைய 15 சதவீதம் விழித்தே இருக்கும். உயரத்துக்கு வேண்டிய ஒரு மரபணுவும் அதில் சேர்த்தி. இந்தப் பிள்ளைகள் குட்டையாக இருப்பது பெரும்பாலும் அதனால்தான். முட்டையணுவிலோ இரண்டு எக்ஸும் வேலை செய்தாக வேண்டும். ஒன்று இல்லையென்றால் முட்டை நிலைக்காது.

டீச்சரிடம் அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. ஒற்றை எக்ஸ் கருவிலும் நாலு மாதம் வரை முட்டையணுக்கள் உருவாகத்தான் செய்கின்றன. எல்லாப் பெண் கருவிலும் ஐந்தாம் மாதத்தில் 60, 70 லட்சம் இருந்து, பிறக்கும்போது 10, 20 லட்சமாகக் குறையும். இவர்களுக்கு அந்தக் குறைவு கட்டுமீறி ஓடுகிறது. பலருக்குப் பள்ளிக்கூடம் சேரும் முன்பே தீர்ந்துவிடும். மிஞ்சுவது கீற்றுப்போல ஒரு வெண்ணிறத் திசு. ஆக, நின்றுபோனது என்பதைவிடத் தீர்ந்துபோனது என்பதே பொருத்தம்.

தென்காசியிலிருந்து:
நான் கலைச்சொல் படித்தவள் இல்லை, தப்பாக இடையில் வந்திருந்தால் மன்னிக்கவும். எங்க நாத்தனார் மகள் 15 வயசில் நாலரை அடிகூட இல்லை, மார்பும் வளரவில்லை. அங்கே காட்டிய மருத்துவர், “அம்மா 16-லதானே ஆளானாங்க, தாமதம்தான், காத்திருங்க” என்றார். சடங்குக்குப் பட்டுகூட எடுத்து வைத்தோம். 17-ல் வேறு ஒருவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், ரிப்போர்ட்டில் 45,X என்று வந்தது, டீச்சர் சொல்லும் அதே ஒற்றை எக்ஸ். ‘பூப்புத் தாமதம்’ என்ற சொல்தான் எங்களை ரெண்டு வருஷம் உட்கார வைத்தது. அந்தச் சொல்லை முதலில் மாத்துங்க.

நெல்லை மருத்துவர்:
அம்மா இடையில் வந்ததே நல்லது. 13 வயதுக்குள் மார்பு வளரத் தொடங்காவிட்டால் காத்திருக்கக் கூடாது, ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். பார்க்க வேண்டும். சூலகத்தை வேலை செய்யச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன் அது. வெறும் தாமதமென்றால் மூளை இன்னும் ஆணை அனுப்பவில்லை, அளவு குறைவாக இருக்கும். சூலகத்தில் முட்டை இல்லையென்றால் பதில் வராததால் மூளை கத்திக்கொண்டே இருக்கும், எஃப்.எஸ்.எச். ஏறிக்கிடக்கும். ஒன்று ஏமாற்றும்: அக்குளில் முடி வருவது அட்ரீனல் சுரப்பியின் வேலை. அது வந்துவிட்டது என்று சமாதானம் ஆகிவிடக் கூடாது.

11, 12 வயதில் பிடித்துவிட்டால் மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் தொடங்கி, இரண்டு மூன்று வருடத்தில் மெல்ல ஏற்றுவோம். பிறகு புரோஜெஸ்ட்ரோன் சேர்ப்போம். கர்ப்பப்பை இருக்கிறது, அது வளரும், மாதவிலக்கும் வரும். 17-ல் தொடங்கினாலும் பயன் உண்டு, ஆனால் அந்த வருடங்களில் எலும்புக்குச் சேரவேண்டியது கொஞ்சம் போயிருக்கும்.

அம்பாசமுத்திரம்:
‘சூல்வற்றல்’ என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரி படித்துவிட்டு, “சுண்டவத்தலா?” என்றாள். அது போகட்டும். வற்றல், வறடு எல்லாம் மலடிப் பட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன, பிள்ளைமேல் அதை ஒட்டக் கூடாது. ‘முட்டை முன்தீர்வு’?

பாளையங்கோட்டை:
‘தீர்வு’ என்றால் பிள்ளைகள் விடை என்று படிப்பார்கள் ஐயா! ‘முட்டையிருப்பு முந்தித் தீர்தல்’ என்று இப்போதைக்கு எழுதுகிறேன், நீளம்தான். டாக்டரிடம் ஒன்று: சில உயிரணுக்களில் ஒரு எக்ஸ், சிலவற்றில் இரண்டு என்று கலந்திருக்கும் பெண்களில் சிலர் தாமாகவே ஆளாகி, சில வருடம் மாதவிலக்கும் கண்டு, பிறகுதானே நிற்கிறது? அவர்களுக்குப் பழைய ‘செயலிழப்பு’ பொருந்தாதா?

நெல்லை மருத்துவர்:
அவர்களுக்கும் தீர்வதுதான், மெதுவாகத் தீர்கிறது. ஆனால் அவர்களிடம் “உன் சூலகம் செயலிழந்தது” என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. உங்கள் நீளச் சொல்லை நாளை ஓ.பி.யில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.