வாடகை சேர் கால் உடையுது, எதை ஒதுக்குறதுன்னு தெரியல

வணக்கம் அண்ணே, தேவிபட்டினம் பக்கம் சின்னதா பந்தல், சேர், ரேடியோ செட், பாத்திரம் வாடகைக்கு விடுறோம். கை வச்ச வெள்ளை பிளாஸ்டிக் சேர் 200, 2022ல ஒரே லோடா வாங்குனது. இடம் பத்தாம 100 சேர தகர ஷெட்ல வச்சோம், மீதி 100 மொட்டைமாடில தார்ப்பாய் மூடி கெடந்துச்சு, அந்த தார்ப்பாயும் காத்துல பாதி நாள் வெலகித்தான் கெடக்கும்.

இந்த சித்திரைல இருந்து பின்னங்கால் சீட்டோட சேர்ற எடத்துல பட்டுனு உடையுது. போன வாரம் ஒரு காதுகுத்து வீட்ல பெரியவர் ஒருத்தர் விழுந்து மணிக்கட்டு வீங்கிருச்சு, அதுலருந்து மனசே சரியில்ல. மணல் முற்றத்துல ஒரு கால் பொதைஞ்சு வெயிட்டு ஒரே பக்கம் போயிருக்கும்னு முதல்ல நெனச்சு, உடைஞ்ச சேருக்கு அட்வான்ஸ்லயும் புடிச்சேன். அப்புறம் மாடி சேருக்கெல்லாம் அடில செவப்பு பெயிண்ட் வச்சு எண்ணிப் பாத்தா, உடைஞ்ச 16ல 14 மாடி சேரு. புடிச்ச காச திருப்பி குடுத்துட்டேன், பாவம் அவங்க மேல தப்பு இல்ல.

25 அடுக்குனத 12ஆ கொறச்சாச்சு, எல்லாத்தயும் ஷெட்டுக்குள்ள ஏத்தியாச்சு, ஆனா வெயில்ல ஏற்கனவே கெட்டது திரும்புமா? தேச்சா கைல வெள்ளைப் பொடி ஒட்டுது, சிலதுல முடி மாதிரி கோடு, சிலது பாக்க நல்லாத்தான் இருக்கு.

மாடில கெடந்த மீதி 86ல எது ஆளு உக்கார தாங்கும், எத ஒதுக்கணும்னு நீங்க எப்படி சோதிச்சு பிரிக்கிறீங்க?