கலைச்சொல் தேவை: படத்தில் பருவம் மாற, ஆளும் உடையும் மாறாதிருக்க

கயல்விழி:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். படம் திருத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு பட்டியலில் மொழிபெயர்க்க வேண்டிய மூன்று சரங்கள் மட்டும் நிற்கின்றன.

```
msgid "Change season and weather"
msgid "Lock people and clothing"
msgid "Match light on people"
```

வெயிலில் எடுத்த குடும்பப் படத்தை மழையிலோ பனியிலோ எடுத்ததுபோல் ஆக்கும் வசதி இது. நிற்பவர்களின் முகமும் உடையும் மாறக் கூடாது. முதற்சரத்துக்குப் ‘பருவமாற்றம்’ என்று போட்டிருந்தேன். சரிபார்த்தவர், “ஆளின் வயதைக் கூட்டிக் குறைக்கும் வசதியா?” என்று கேட்டார். அதே பட்டியலில் நண்பகலை அந்தியாக்கும் கட்டளையும் இருக்கிறது. அதோடும் குழம்பக் கூடாது. பொத்தானில் அடங்கும் அளவுக்குச் சுருக்கமாக வேண்டும்.

ரகு:

இதற்கு இவ்வளவு யோசனை தேவையா? ஆட்களை வெட்டி எடுத்துப் பின்னால் வேறு படத்தை வைப்பதுதானே? ‘பின்புல மாற்றம்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இளங்கோவன்:

கயல்விழி அம்மாவுக்கு வணக்கம். பின்புலம் மாறினால் இடம் மாறிவிடும். இங்கே இடம் அதேதான், அதன் காலம் மட்டுமே மாறுகிறது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சேர்த்துச் சொன்னாலும், திணை மயங்கும் இடத்தில் இரண்டையும் பிரித்துவிடுகிறார். நிலம் நிலத்தோடு மயங்காது. பொழுது மயங்கலாம் என்று உரைகாரர்கள் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். உங்கள் மென்பொருள் செய்வதும் இதுவே. ஆகவே ‘பொழுதுமாற்றம்’.

நண்பகல், அந்திக் குழப்பத்துக்கும் அங்கேயே விடை இருக்கிறது. அந்தி சிறுபொழுது, கார்காலம் பெரும்பொழுது. ஒரு கட்டளை ‘சிறுபொழுது மாற்று’, மற்றது ‘பெரும்பொழுது மாற்று’. இதைவிடத் துல்லியமாக எந்த மொழியிலும் பிரிக்க முடியாது.

‘பருவம்’ வேண்டவே வேண்டாம். அது வடமொழிப் ‘பர்வ’த்தின் திரிபு. ‘பொழுது’ நம்முடையது. பொழுது, போழ்து, போது என்று அது வழங்கும் வடிவங்களைப் பாருங்கள்.

அருள்மொழி:

ஐயா, ‘பரு’ என்பதற்குப் பெருத்தல் என்ற பொருள் தமிழிலேயே இருக்கிறது. பருமன், பருத்தல் எல்லாம் அதன் வழி வந்தவை. பெருத்து முதிரும் நிலை பருவம் என்று கொள்ளலாம். வடமொழியில் அதைப்போன்ற சொல் இருப்பதாலேயே நம் சொல்லைத் தாரைவார்க்க வேண்டியதில்லை.

எனக்குக் கவலை வேறு. வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான். ‘பெரும்பொழுது’ என்று பொத்தானில் எழுதினால் பதினைந்து வயதுப் பிள்ளை அதை ‘நீண்ட நேரம்’ என்று படிப்பான். இலக்கணம் படித்தவனுக்கே பாடத்துக்கு வெளியே அந்தச் சொல் நினைவுக்கு வராது. ‘வானிலை மாற்றம்’ என்றால் செய்தித் தலைப்பு, ‘காலநிலை மாற்றம்’ என்றால் புவி சூடாவது. இவற்றையும் தவிர்த்தாக வேண்டும்.

வசந்தா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் என் பேத்தி இந்த வேலையைச் செய்து காட்டினாள். நாங்கள் எல்லோரும் அரைக்கைச் சட்டையில் நிற்கிறோம், சுற்றிலும் பனி கொட்டிக்கிடக்கிறது! பார்க்கவே நடுங்கியது. பனிக்காலம் என்றால் கம்பளியும் குல்லாயும் வந்தால்தானே பொருத்தம்? அதற்கும் சேர்த்து ஒரே சொல்லாக அமைக்க முடியாதா?

கயல்விழி:

வசந்தா அம்மா, உடையை மாற்றுவதற்குத் தனி வசதி இருக்கிறது. இது உடையை மாற்றவே கூடாது என்பவர்களுக்கானது. திருமணத்தில் உடுத்தியது, இப்போது இல்லாத ஒருவர் கடைசியாக அணிந்தது என்று ஒவ்வொருவருக்கும் காரணம் இருக்கும்.

நாசர்:

படம் திருத்துவது என் தொழில். சொல்லைத் தேர்வதற்கு முன் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ரகு சொன்னதில் பாதி சரி. ஆட்களைப் பிரித்தெடுப்பது உண்மை, வேறு படத்தை வைப்பது இல்லை. அதே மரம் இலை உதிர்க்க வேண்டும், அதே சுவர் நனைய வேண்டும், அதே தரையில் நீர் தேங்க வேண்டும்.

சமீபத்தில் வந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் ஒரு குடும்பம், உச்சிவெயில். நடுவில் மூக்குக்கண்ணாடி அணிந்த பாட்டி, ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கும் மஞ்சள் சட்டைச் சிறுவன். இதைக் கார்காலமாக்க வேண்டும்.

முதலில் ஆட்களைச் சுற்றி மாஸ்க், அதாவது மாறக் கூடாத பகுதியைக் குறிக்கும் மறைப்பு. மென்பொருளே போட்டுத் தரும், ஆனால் அதை நம்பி அப்படியே விடக் கூடாது. சிறுவனின் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை அது சிறுவனோடு சேர்த்துவிட்டது. அங்கே மட்டும் வெயிலில் மின்னும் புல் மிஞ்சிவிடும். தலைமுடி ஓரத்தில் முடியும் பின்னால் உள்ள வானமும் ஒரே புள்ளியில் கலந்திருக்கும். கூர்மையாக வெட்டினால் தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும். அங்கே ஓரத்தைச் சில புள்ளிகள் அளவுக்கு மென்மையாக்க வேண்டும். தரையில் விழுந்த நிழல்களை மாஸ்க்குக்கு வெளியே விட வேண்டும். அவை ஆளின் பகுதி அல்ல, வெயிலின் பகுதி.

அடுத்து, மாஸ்க்குக்கு வெளியே உள்ளதை மட்டும் புதிதாக உருவாக்கச் சொல்கிறோம். எவ்வளவு மாற்றலாம் என்று ஓர் அளவுகோல் இருக்கும். அதை மிகக் குறைத்தால் நிறம் மட்டும் சாம்பலாகும், நிழல்கள் போகாது. மிகக் கூட்டினால் மரம் வேறு மரமாகிவிடும்.

பலரும் ஏமாறும் இடம் இதற்குப் பின்புதான். ‘மாஸ்க் போட்டேன், முகம் மாறாது’ என்று நினைக்கிறார்கள். படத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளில் பரவலாகப் புழங்கும் பல, முழுப் படத்தையும் சுருக்கி வேலை செய்து பிறகு விரிக்கின்றன. பக்கவாட்டில் எட்டுப் புள்ளி, உயரத்தில் எட்டுப் புள்ளி ஒரு கட்டமாகச் சுருங்குவது வழக்கம். தொலைவில் நிற்பவரின் கண் எட்டுப் புள்ளி அகலம்தான் இருக்கும். விரித்தபோது பாட்டியின் பார்வை சற்றே வேறாகியிருந்தது. வெளியாருக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியும். ஆகவே கடைசியில் மூலப் படத்தின் ஆட்களை அதே மாஸ்க் வழியாகத் திரும்ப மேலே ஒட்ட வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு. மூலத்தையும் முடிவையும் இரண்டு அடுக்காக வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓரங்கள் நீங்கலாக, ஆட்கள் இருக்கும் இடம் முழுக் கறுப்பாக வந்தால் எதுவும் மாறவில்லை. முகத்தில் மங்கலாக ஏதாவது தெரிந்தால் மாறிவிட்டது.

இரண்டாம் சரம் கேட்பது இந்தப் பூட்டைத்தான். ‘ஆள், உடை பூட்டு’ என்றே போடலாம்.

ரகு:

அப்படியானால் பூட்டினால் வேலை முடிந்தது. மூன்றாம் சரம் எதற்கு?

நாசர்:

பூட்டினால் வேறொரு சிக்கல் வருகிறது. அந்தப் படத்தில் வானம் இருண்டு மழை பெய்கிறது. பாட்டியின் மூக்குக்குக் கீழே உச்சிவெயிலின் கூர்மையான நிழல் அப்படியே இருக்கிறது. கண்ணாடியில் நீலவானம் தெரிகிறது. வெள்ளைச் சட்டைக்காரரின் கீழ்ப்பகுதியில் புல்லிலிருந்து எதிரொளித்த பச்சை படிந்திருக்கிறது. புள்ளி ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கிறது. மூன்றாம் சரம் இதைச் சரிசெய்ய, ஆட்களின் மேல் விழும் ஒளியை மட்டும் சூழலுக்கு இணங்க மாற்றுகிறது. மஞ்சள் சட்டை மஞ்சளாகவே இருக்கும், ஆனால் மேகமூட்டத்தில் தெரியும் மஞ்சளாக.

அதுவும் ஓரளவுக்குத்தான் முடியும். நிழலில் நின்று எடுத்த படத்தை மழையாகவோ பனியாகவோ மாற்றுவது எளிது, ஏனென்றால் முகத்தில் ஒளி ஏற்கெனவே மென்மையாக இருக்கிறது. உச்சிவெயில் படத்தில் கூர்நிழலை முகத்திலிருந்து நீக்கினால், அதற்கடியில் இருந்த தோலை மென்பொருள் ஊகித்துத்தான் வரைய வேண்டும். அப்போது முகம் மாறாதது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். வாடிக்கையாளரிடம் வேறு பருவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். உச்சிவெயில் படத்துக்கு இலையுதிரும் காலம் பொருந்தும், அப்போதும் வெயில் உண்டு.

பனி என்றால் காலடியையும் கவனிக்க வேண்டும். செருப்பை முழுதாகப் பூட்டினால் ஆட்கள் பனிக்கு மேலே மிதப்பார்கள். அடிவிளிம்பைப் பூட்டிலிருந்து விடுவித்தால்தான் பனி அதை மூடும்.

இளங்கோவன்:

அருமையான விளக்கம், நாசர். ஆனால் இது என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. ஒளியும் நிழலும் பொழுதின் பண்புகள். ‘பருவம்’ இலையையும் பூவையும் சொல்லும், ஒளியைச் சொல்லாது. மூன்றாம் சரத்துக்கு ‘ஒளி இயைபு’ என்று வைக்கலாம்.

நாசர்:

‘ஒளி இயைபு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘பெரும்பொழுது’ ஒரு பக்கத்தை விட்டுவிடுகிறது, ஐயா. இந்தக் கட்டளையில் மூடுபனி உண்டு, இடி மின்னல் உண்டு, கோடைமழை உண்டு. கோடைமழை வேனிலிலேயே வருகிறது. பெரும்பொழுது மாறவில்லை, வானம் மட்டும் மாறியிருக்கிறது.

அருள்மொழி:

அப்படியென்றால் ‘பருவச்சூழல்’. ‘சூழல்’ சேர்ந்ததும் வயது என்ற பொருள் விலகிவிடும், ஆளைச் சுற்றியுள்ளது என்பது விளங்கும். மழையும் மூடுபனியும் அதில் அடங்கும். ‘பருவச்சூழல் மாற்று’ என்று கட்டளை வடிவில் போட்டால் பொத்தானுக்கும் பொருந்தும்.

ரகு:

நீளம்தான். ஆனாலும் படித்தவுடன் புரிகிறது. என் ஆதரவு இதற்கே. ஒளி இயைபு என்றால் எனக்கு யாப்பிலக்கணம்தான் நினைவுக்கு வருகிறது. ‘ஒளியைப் பொருத்து’ என்று நேராகச் சொல்லுங்கள்.

வசந்தா:

பருவச்சூழல் எனக்குப் புரிகிறது. என் பேத்தியின் படத்தில் எங்கள் கால்கள் ஏன் மிதந்தன என்பதும் இப்போது புரிகிறது. அவளுக்கு இந்த மடலை அனுப்புகிறேன். கம்பளிக்கு ஏதாவது செய்யுங்கள்.

இளங்கோவன்:

பெரும்பான்மை அப்படியென்றால் தடுக்க மாட்டேன். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ஈராயிரம் ஆண்டாக இருக்கும் பகுப்பைப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாமே ஒதுக்கினால், அது அவர்களுக்கு எங்கிருந்து புரியும்? ஒரு பொத்தானில் இருந்தாலாவது ஒருவன் அகராதியைத் திறப்பான். அந்திக்கான கட்டளைக்காவது ‘சிறுபொழுது’ என்று வையுங்கள்.

கயல்விழி:

அனைவருக்கும் நன்றி. இன்று இரவு இப்படி அனுப்புகிறேன்:

```
msgid "Change season and weather"
msgstr "பருவச்சூழல் மாற்று"

msgid "Lock people and clothing"
msgstr "ஆள், உடை பூட்டு"

msgid "Match light on people"
msgstr "ஆட்கள்மேல் ஒளியைப் பொருத்து"
```

இளங்கோவன் ஐயா, அந்திக் கட்டளையில் ‘சிறுபொழுது’ என்று போட்டு, சுட்டியை வைத்தால் தோன்றும் குறிப்பில் ‘காலை, நண்பகல், மாலை’ என்று விளக்கமும் எழுதிவிட்டேன். சரிபார்ப்பவர் ஏற்பாரா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் சரத்தின் குறிப்பில், முகத்தில் கடும் நிழல் இருந்தால் பூட்டையும் ஒளிப் பொருத்தத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது முகத்தைச் சரிபார்க்கவும் என்று ஒரு வரி சேர்க்கலாமா, நாசர்?

நாசர்:

சேருங்கள். ‘சரிபார்க்கவும்’ என்று நிறுத்தாமல், ‘மூலப் படத்தோடு ஒப்பிடவும்’ என்று எழுதுங்கள். எதை வைத்துச் சரிபார்ப்பது என்று அப்போதுதான் தெரியும்.

இளங்கோவன்:

‘ஒப்பிடவும்’ சரி. ‘பூட்டு’ என்பது பெயரா வினையா என்று மயங்குமே, அதை யாரும் கவனிக்கவில்லையா?