ஞாயிறு இரவு ஷிப்ட் எந்த வாரக் கணக்கு?

லெஸ்டர்வாசி
பிரிட்டனில் மாணவர் விசாவில் முதுகலை படிக்கிறேன். வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த வாரம் எங்கே முடிகிறது என்பதில் நான் மாட்டிக்கொண்டேன். போன நவம்பரில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது.

ஏஜென்சி மூலம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் இல்லை. அந்த வாரம் புதன் 6 மணி நேரம், சனி 6, அப்புறம் ஞாயிறு இரவு 10 முதல் காலை 6 வரை 8. ஆக 20, சரி என்று நோட்டில் எழுதினேன். அடுத்த வாரம் புதன், வியாழன், சனி தலா 6. பதினெட்டுதானே என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வேலை தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தார். ஞாயிறு இரவு ஷிப்டின் நடுவில், 12 மணிக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு மேலே 2 மணி நேரம் போன வாரம், கீழே 6 மணி நேரம் இந்த வாரம். அந்த 6, புதன் 6, வியாழன் 6, இன்றைக்கு 2. இருபது முடிந்துவிட்டது, இப்போதே கிளம்பு என்று ஸ்கேனரை வாங்கக் கையை நீட்டினார். மணிக்கு 12.21 பவுண்டு, நாலு மணி நேரச் சம்பளம் போகிறதே என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. நீட்டிய கையை மட்டும் இறக்கவில்லை.

காரைக்குடிக்காரன்
இவ்வளவு பயம் தேவையில்லை. வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை, அது உண்மை. ஆனால் ஒரு வாரம் 26, அடுத்த வாரம் 14 என்றால் சராசரி 20 வந்துவிடும். என் அறைத்தோழன் அப்படித்தான் ஓட்டுகிறான். கூடவே சாயங்காலம் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி. அதற்குச் சம்பளச் சீட்டே கிடையாது, மணிக்கணக்கில் வராது.

பழைய மாணவி
காரைக்குடி தம்பி, திங்கள் சொன்னது மட்டும் சரி. சராசரி என்பதே விதியில் இல்லை. 26 போன அந்த வாரமே மீறல், அடுத்த வாரம் வீட்டில் படுத்திருந்தாலும் அது அழியாது. டெலிவரி இன்னும் மோசம். ஆப்பில் ஓட்டுகிறவரைச் சுயதொழில் செய்கிறவராகத்தான் சேர்க்கிறார்கள். மாணவர் விசாவில் சுயதொழில் ஒரு மணி நேரம்கூடக் கூடாது, விடுமுறையிலும் கூடாது. அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டச் சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் தடுமாறியது கோடையில். ஜூனில் வகுப்பு முடிந்தது, இனி முழுநேரம் போகலாம் என்று நினைத்தேன். வேலையிடத்தில் பருவத் தேதிக் கடிதம் கேட்டார்கள். அதில் என் படிப்பு செப்டம்பர் வரை தொடர்கிறது என்று இருந்தது. இளங்கலைப் பிள்ளைகளுக்குத்தான் கோடை விடுமுறை, நமக்கு அது ஆய்வேடு எழுதும் காலம், அதே 20தான். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது மறக்காது, ஆகஸ்ட் வாடகையை அந்தச் சம்பளத்தை நம்பி விட்டிருந்தேன்.

லெஸ்டர் தம்பி, கேட்காமலே சொல்கிறேன். ஏஜென்சி சம்பளத்துக்காக எண்ணும் வாரம் வேறு நாளில் முடியலாம், சம்பளச் சீட்டை வைத்து எண்ணாதீர்கள். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும், சம்பளமில்லாத வேலையும் சேரும். ஞாயிறு இரவு ஷிப்டை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நூலகம், தேர்வுக் கண்காணிப்பு, புது மாணவர்களுக்கு வளாகம் சுற்றிக்காட்டுவது என்று கிடைக்கும். உங்கள் பருவத் தேதி அவர்களுக்கே தெரியும்.

மெல்பர்ன் தம்பி
எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், 2023 ஜூலையிலிருந்து. 20, 28 என்று செய்துவிட்டு மூன்றாவது வாரம் 28 கேட்டு வாங்கினேன். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தாலும் 48 தாண்டக்கூடாது என்று அப்புறம்தான் தெரிந்தது. டெலிவரி இங்கே ஓட்டலாமே, அங்கே ஏன் கூடாது?

ஒரு அப்பா
திருச்சியிலிருந்து எழுதுகிறேன். மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். இங்குள்ள பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள், பணம் என் கணக்குக்குத்தான் வருகிறது. அதுவுமா தப்பு?

பழைய மாணவி
ஐயா, பணம் எங்கே விழுகிறது என்பது கணக்கில்லை, அவர் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதுதான். தனியாக டியூஷன் எடுப்பதும் சுயதொழில்தான். மாணவர் சங்க ஆலோசனை மையத்தில் மகளை இன்றே கேட்கச் சொல்லுங்கள்.

காரைக்குடிக்காரன்
அறைத்தோழனிடம் காட்டினேன். ஒரு வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்கிறான்.

லெஸ்டர்வாசி
அக்கா, ஒரு சந்தேகம். ஷிப்டில் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, அதற்குச் சம்பளம் இல்லை. 20க்குள் அதையும் எண்ண வேண்டுமா? ஏஜென்சியில் ஒருவர் ஆமாம் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். இப்போதைக்கு எண்ணித்தான் வருகிறேன். சூப்பர்வைசர் கிறிஸ்துமஸுக்கு முன்பே வேறு கிளைக்குப் போய்விட்டார், மன்னிப்புக் கேட்கவே முடியவில்லை.