மும்பை படுத்தால் ஹைதராபாத்: மாங்கூழ் ஆலையில் ஆர்டிஓ, ஆர்பிஓ முடிவு செய்தது. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

போச்சம்பள்ளி_கணினி

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு மென்பொருள் பார்க்கிறேன். சர்வர் கிளவுடில், மும்பை ரீஜியனில், மாற்று ஏற்பாடு ஹைதராபாத்தில். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ், நாங்களே விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுகிறோம்.

சீசனுக்கு முன்னால் முதலாளியிடம் போய், "எவ்வளவு நேர டேட்டா போனால் பரவாயில்லை, எவ்வளவு நேரத்தில் திரும்ப எழ வேண்டும்?" என்று கேட்டேன். முதலாவதுதான் ஆர்பிஓ, இரண்டாவது ஆர்டிஓ. "எதுவும் போகக்கூடாது, உடனே எழணும்" என்றார். வேறு என்ன சொல்வார்? அதனால் கேள்வியை மாற்றினேன். எடை மேடையில் ஒரு நாள் உட்கார்ந்து, எது போனால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்த்தேன்.

பெங்களூரா லோடு வந்ததும் எடை போட்டு, சீட்டு இரண்டு பிரதி அச்சாகிறது. ஒன்று டிரைவரிடம், ஒன்று ஆபீஸில். மும்பை மொத்தமாகப் போய் கடைசி 15 நிமிட எடை காணாமல் போனாலும், சீட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றிவிடலாம். சீசன் உச்சத்தில்கூட அது பத்துப் பன்னிரண்டு வண்டிதான். ஆனால் எடை போடுவதே நின்றால் லாரி வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். ஆகவே எடைக்கு ஆர்பிஓ 15 நிமிடம், ஆர்டிஓ கிட்டத்தட்ட பூஜ்யம். கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் நெட் இல்லாமலே எடை போட்டுச் சீட்டு அடிக்கும், அப்புறம் மேலே அனுப்பும்.

பணப் பட்டுவாடா இதற்கு நேர் எதிர். சாயங்காலம் 140 விவசாயிகளுக்கான ஃபைல் வங்கிக்குப் போகிறது என்று வையுங்கள். போன அரை நிமிடத்தில் மும்பை படுத்துவிட்டது, 'அனுப்பியாச்சு' என்ற பதிவு ஹைதராபாத்துக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே எழுப்பிப் பார்த்தால் 140 பேரும் நிலுவை. கிளார்க் மறுபடி அனுப்புவார். ஊத்தங்கரை, பர்கூர் என்று ஊர் ஊராகப் போய், கூடுதலாகப் போன பணத்தைத் திருப்பிக் கேட்க யாரால் முடியும்? இங்கே ஆர்பிஓ பூஜ்யமாக இருந்தே ஆக வேண்டும். ஆர்டிஓவோ மறுநாள் காலை வரை இழுத்தாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஒரே டேட்டாபேஸில் இந்த இரண்டையும் எப்படி வைத்தீர்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_கிளவுட்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது ப்ரோ? ஹைதராபாத்தில் நகலாக ஓடும் ஸ்டாண்ட்பையை சிங்க்ரனஸ் ஆக்குங்கள். எல்லாவற்றுக்கும் ஆர்பிஓ பூஜ்யம். தனியாக பேக்கப்கூடத் தேவைப்படாது, நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

தர்மபுரி_டிபிஏ

தம்பி, பாதி சரி. எல்லாவற்றையும் சிங்க்ரனஸ் ஆக்கினால் ஒவ்வொரு எடைச் சீட்டும் ஹைதராபாத் போய் வரும் வரை காத்திருக்கும். அந்த லிங்க் அறுந்தால் மும்பை நன்றாக இருக்கும்போதே எழுதுவது நின்றுபோகும். பேரிடருக்கு வைத்த ஏற்பாடே தினசரி வேலையை நிறுத்தும்.

போஸ்ட்கிரஸில் டிரான்சாக்‌ஷன் வாரியாக முடிவு செய்யலாம். `synchronous_standby_names`-இல் ஹைதராபாத்தைப் போட்டுவிட்டு, பொதுவாக `synchronous_commit = local` என்று வையுங்கள். எடை எல்லாம் மும்பை டிஸ்க்கில் எழுதியதும் திரும்பிவிடும், பின்னாலேயே ஹைதராபாத்துக்கும் போகும். பணத்துக்கு மட்டும் இப்படி:

```
BEGIN;
SET LOCAL synchronous_commit = on;
UPDATE batch SET status = 'SENDING'
 WHERE batch_no = 'P-0614-3';
COMMIT;
```

COMMIT திரும்பி வந்த பிறகுதான் ஃபைல் வங்கிக்குப் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் வீண். நடுவில் படுத்தால் 'SENDING' என்று இருக்கும், ஆனால் ஃபைல் போயிருக்காது. அப்போது வங்கி ஸ்டேட்மென்டைப் பார்த்து முடிவு செய்யலாம். விவசாயிக்கு ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி உண்டு. ஹைதராபாத் பதில் சொல்லாவிட்டால் COMMIT தொங்கும். கிளார்க் பொறுமை இழந்து ரத்து செய்தால் `The transaction has already committed locally, but might not have been replicated to the standby` என்று எச்சரிக்கை வரும். அதாவது ரோல்பேக் ஆகவில்லை, மும்பையில் பதிவாகிவிட்டது. அப்ளிகேஷன் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு புது எண் போட்டு இன்னொரு பேட்ச் உருவாக்கினால், நீங்கள் பயந்த இரட்டைப் பணம் பேரிடர் இல்லாமலே போகும். மறுமுயற்சி அதே பேட்ச் எண்ணில்தான் நடக்க வேண்டும், அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடும் வேண்டும்.

அரூர்_புளிமண்டி

எங்கள் மண்டியில் ஒரே கம்ப்யூட்டர், டேலி. மகன் ராத்திரி பென்டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறான். போன மழையில் இடி விழுந்து கம்ப்யூட்டர் போய்விட்டது. மண்டியும் வீடும் இரண்டு ரீஜியன் கணக்கில் வருமா?

தர்மபுரி_டிபிஏ

தாராளமாக வரும் அண்ணா. உங்கள் ஆர்பிஓ ஒரு நாள் வியாபாரம். அதைத் துண்டுச் சீட்டில் இருந்து ஏற்ற முடிந்தால் போதும். பென்டிரைவ் மட்டும் இரண்டாக இருக்கட்டும், மாற்றி மாற்றி எடுங்கள்.

ஓசூர் தம்பிக்கு இன்னொன்று. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் WHERE இல்லாமல் விலைப் பட்டியலுக்கு ஒரு UPDATE போட்டுவிட்டார். அடுத்த சில நொடிகளில் மாற்று ரீஜியனிலும் அதே தப்பு விலை. ஸ்டாண்ட்பை சொன்னதை அப்படியே செய்யும், சரியா தப்பா என்று அதற்குத் தெரியாது. கைகொடுத்தது ஸ்னாப்ஷாட்டும், ஒவ்வொரு மாற்றத்தையும் போஸ்ட்கிரஸ் எழுதிவைக்கும், நாங்கள் தொடர்ந்து சேமித்துவந்த WAL ஃபைல்களும்தான். `recovery_target_time`-ஐ அந்த UPDATE-க்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்து மீட்டோம்.

அரை மணிக்குள் டேட்டாபேஸ் எழுந்துவிட்டது, ஆர்டிஓவுக்குள் முடித்துவிட்டோம் என்று மேலே சொல்லியும் விட்டார்கள். ஆனால் முதல் அறிக்கை முக்கால் மணி நேரம் ஓடியது, அதையே திரும்ப ஓட்டினால் இரண்டு நொடி. அதுதான் அடையாளம். ஸ்னாப்ஷாட்டில் இருந்து வந்த டிஸ்க் உள்ளே காலி. ஒவ்வொரு பிளாக்கையும் முதல் தடவை தொடும்போதுதான் சேமிப்பகத்தில் இருந்து இழுக்கும். அதற்கப்புறம், ஆட்களை உள்ளே விடும் முன் `dd` வைத்து டிஸ்க் முழுவதையும் ஒரு முறை படிக்கச் செய்தார்கள். அந்த நேரத்தையும் ஆர்டிஓவில் சேர்த்தார்கள்.

ஓசூர்_கிளவுட்

சரி அக்கா, பேக்கப் வேண்டாம் என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ரீஜியன் போனால் ஸ்டாண்ட்பையை புரமோட் செய்ய ஒரு நிமிடம்தானே? அங்கே இந்தத் தொல்லை இல்லையே.

போச்சம்பள்ளி_கணினி

புரமோட் ஒரு நிமிடம்தான், ஒத்திகையில் பார்த்தோம். மற்றதுதான் இழுத்தது. ஹைதராபாத்தில் எழுப்பி, வங்கிக்குச் சோதனை ஃபைல் அனுப்பினால் இணைப்பே கிடைக்கவில்லை. வங்கி தன் பக்கம் எங்கள் மும்பை ஐபியை மட்டும் அனுமதித்திருந்தது. ஹைதராபாத் ஐபியைச் சேர்க்கக் கடிதம், கையெழுத்து, முத்திரை எல்லாம் வேண்டுமாம். பேரிடர் அன்று அதைத் தொடங்கினால் 'மறுநாள் காலை' நடக்காது.

அக்கா சொன்ன SET LOCAL முறையை இந்த வாரம் சோதனை சர்வரில் போட்டுப் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம். மும்பை உண்மையிலேயே போய்விட்டதா, எங்கள் லைன்தான் போயிருக்கிறதா என்று யார் முடிவு செய்வது? தானாக மாறும்படி வைத்தால் இரண்டு பக்கமும் எழுத ஆரம்பித்துவிடும் என்று பயம். முதலாளியைக் கேட்டுத்தான் மாற்றுவது என்றால், அவர் தோப்பில் இருந்தால் சிக்னல் கிடைக்காது.

தர்மபுரி_டிபிஏ

நாங்கள் மனிதர் கையில்தான் விட்டோம். இரண்டு பேர் பெயர், யார் கிடைத்தாலும் முடிவெடுக்கலாம். புரமோட் செய்யும் முன் மும்பை மெஷினை நிறுத்த முயற்சி செய்ய வேண்டும், முடியாவிட்டால் அப்ளிகேஷன் அதைத் தொடும் வழியையாவது அடைக்க வேண்டும். இதிலும் எங்கள் டீமில் கடைசி வரை இரண்டு கட்சி. தானாக மாறும்படி வைத்து நிம்மதியாக இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், எனக்கும் கேட்க வேண்டும்.

அரூர்_புளிமண்டி

இரண்டாவது பென்டிரைவ் வாங்கியாச்சு. இதையும் மண்டியிலேயே வைக்கலாமா, இல்லை மச்சான் வீட்டில் கொடுக்கலாமா?