50 கிலோ மூட்டை, ஆனா கணக்கு 46 கிலோவுக்கு?

மாடிவீடு_3பி: எங்க குடியிருப்புல 20 வீடு சேர்ந்து கோயம்பேட்டுல சின்ன வெங்காயம் மூட்டையா வாங்குறோம். 50 கிலோ மூட்டை, கிலோ 40 ரூபா. ஏத்துக்கூலி, ஆட்டோ 150. பொறுப்பெடுத்தவங்க கிலோ 47னு போட்டிருக்காங்க. 2150ஐ 50ஆல வகுத்தா 43 தானே வருது?

நேர்கணக்கு: 43 தான். அக்கம்பக்கத்துல லாபம் பாக்கக் கூடாது. 4 ரூபா எங்க போச்சுன்னு கேளுங்க.

மண்டிக்காரர்: 50ஆல வகுக்குறதுதான் தப்பு. மூட்டையைக் கொட்டிப் பாருங்க. சாக்கு, மண், உதிர்ந்த சருகு சேர்ந்தே ஒரு கிலோ போகும். நடுவுல ஈரம் கோத்த அழுகல் இரண்டு கிலோ. அப்புறம் எடை போடும்போது யாரும் முள்ளுக்கு நேரா நிறுத்த மாட்டோம், ஒரு கை சேத்துத்தான் போடுவோம். வீட்டுக்கு 50 கிராம்னா 20 வீட்டுக்கு ஒரு கிலோ. மிஞ்சுறது 46. அதுல 2150ஐ வகுத்தா 46 ரூபா 74 காசு. 47க்கு வித்தா அவங்க கையில மிச்சம் 12 ரூபா. 43க்கு வித்திருந்தா 172 ரூபா சொந்தக் காசுல போயிருக்கும்.

நேர்கணக்கு: சரி, சேதம் இருக்கு. ஆனா இரண்டு கிலோ அழுகல்னு அவங்க சொன்னா நம்பணுமா?

மண்டிக்காரர்: நம்ப வேண்டாம். பொறுக்கின அழுகலைத் தராசுல வெச்சு ஒரு படம் எடுத்துக் குழுவுல போடச் சொல்லுங்க. விலையையும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. கிலோவுக்கு 50 முன்பணம் வாங்கிட்டு, பிரிச்ச பிறகு மீதியைத் திருப்பணும். வாங்குறப்பவே மூட்டை அடியில கை விட்டுப் பாக்கணும். மேல பொறுக்கு வெங்காயம், அடியில ஈரம்னு கட்டுறது உண்டு.

கீரைத்தோட்டம்: எங்க குழுவுல தக்காளிப் பெட்டிதான் வாங்குறோம். அதுக்கும் இதே மாதிரி 50க்கு 4 கிலோ, அதாவது 8 சதவீதம் சேதம்னு போடலாமா?

மண்டிக்காரர்: கூடாதுங்க. தக்காளியில காய், பழம், நசுங்கல்னு பெட்டிக்குப் பெட்டி மாறும். அன்னைக்கு பிரிச்சு அன்னைக்கே கணக்கு.

ரேவதி_அண்ணாநகர்: அண்ணா, இவ்வளவுக்கும் நடுவுல விடியக்காலை எழுந்து போறவங்க கூலி எங்க இருக்கு? 12 ரூபாயா? கிலோவுக்கு 2 ரூபா வெளிப்படையா எடுத்தா 92 ரூபா. அது கொள்ளையா?

நேர்கணக்கு: வெளிப்படையா சொன்னா சரிதான். ஆனா கூலி வந்த பிறகு அது கடை. அழுகல் வந்தா குழு தாங்காது, கடைக்காரர்தான் தாங்கணும்.

ரேவதி_அண்ணாநகர்: 92 ரூபாய்க்கு முழு மூட்டையோட நஷ்டத்தையுமா?

மாடிவீடு_3பி: சேத விவரத்தைக் குழுவுல கேக்குறேன். கூலி விஷயம் ஞாயிற்றுக்கிழமை பேசிக்கலாம். இந்த வாரம் 46 கிலோவுக்கு 43 கிலோதான் ஆர்டர் வந்திருக்காம், மிச்ச 3 கிலோ யார் தலையில?