கழிவு போகச் சம்பளம் 7 லட்சத்துக்குள், ஆனாலும் தோப்பு வருமானத்தைக் காட்டியதும் 17,680 வரி கேட்கிறது. ஏன்?

தென்னைமரத்தான்:
வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம், தனியார் கம்பெனி வேலை. 2024-25 நிதியாண்டுக் கணக்கு, புதிய வரிமுறை. சம்பளம் 7,55,000. நிலைக்கழிவு 75,000 போக 6,80,000. 7 லட்சம் வரை வரி இல்லை என்பதால் கம்பெனியில் டிடிஎஸ் எதுவும் பிடிக்கவில்லை.

இது போகத் தென்னந்தோப்பு இருக்கிறது. செலவெல்லாம் போக 4 லட்சம் நின்றது. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாதே என்று நம்பி ITR-2-இல் அதையும் போட்டேன். உடனே 17,680 வரி, அதற்கு மேல் கொஞ்சம் வட்டி என்று வருகிறது. அந்த 4 லட்சத்தை அழித்தால் வரி பூஜ்யம். தளத்தில் கோளாறா, நான் ஏதும் தப்பான கட்டத்தில் போட்டுவிட்டேனா?

வயல்வெளி:
விவசாய வருமானத்தை எதுக்குங்க காட்டறீங்க? எங்க ஊர்ல யாருமே காட்டறதில்ல. ITR-1-ல சம்பளத்தை மட்டும் போட்டு முடிச்சிடுங்க.

ராமநாதபுரத்தார்:
வயல்வெளி சொல்வது சரியில்லை. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ITR-1 போடவே கூடாது. தளத்தில் கோளாறும் இல்லை. சம்பளத்தையும் தோப்பையும் கூட்டினால் 10,80,000. 7 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் 87A தள்ளுபடி உங்களுக்குக் கிடையாது. அதனால்தான் வரி.

பேரேடு:
முதல் பாதி சரி, தள்ளுபடி பற்றிச் சொன்னது சரியில்லை. தள்ளுபடியே கிடைக்காமல் போயிருந்தால் அவருக்கு 43,680 வந்திருக்கும். 17,680 என்று வருவதிலிருந்தே தள்ளுபடி கிடைத்திருப்பது தெரிகிறது. 7 லட்சம் வரம்புக்கு விவசாய வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பதில்லை, 6,80,000-ஐ மட்டும்தான் பார்ப்பார்கள்.

நடப்பது இதுதான். சம்பளத்தில் முதல் 3 லட்சத்துக்கு வழக்கம்போல் வரி இல்லை. மீதி 3,80,000. தோப்பு வருமானம் இல்லாவிட்டால் இது 3 லட்சத்திலிருந்து 6.8 லட்சம் வரையுள்ள வரி விகிதப் படிகளில் உட்காரும். முழுக்க 5 சதவீதம், ஆக 19,000. 87A-இல் அது அப்படியே கழிந்துவிடும்.

தோப்பின் 4 லட்சம் வந்தால், அதற்கு வரி இல்லாவிட்டாலும் அந்தப் படிகளில் அது முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் 3,80,000 மேலே நகர்ந்து, 7 லட்சத்தில் தொடங்கி 10.8 லட்சத்தில் முடிகிறது. அங்கே முதல் 3 லட்சத்துக்கு 10 சதவீதம், 30,000. மிச்சம் 80,000-க்கு 15 சதவீதம், 12,000. மொத்தம் 42,000.

தளம் இதையே வேறு விதமாகப் போடும். இரண்டு வருமானத்தையும் கூட்டிய 10.8 லட்சத்துக்கு வரி 62,000. விவசாய வருமானத்தோடு அடிப்படை விலக்கு 3 லட்சத்தைக் கூட்டினால் 7 லட்சம், அதற்கு வரி 20,000. கழித்தால் அதே 42,000.

87A தள்ளுபடிக்கு உச்சவரம்பு 25,000. 42,000-இல் அது போக 17,000. 4 சதவீத செஸ் 680 சேர்த்தால் 17,680. "7 லட்சம் வரை வரி இல்லை" என்று எல்லோரும் சொல்லும்போது இந்த 25,000 வரம்பை யாரும் சொல்வதில்லை. சம்பளம் மட்டும் இருப்பவருக்கு வரி 20,000-ஐத் தாண்டாது, அதனால் வரம்பு கண்ணில் படுவதில்லை.

தென்னைமரத்தான்:
இப்போதுதான் புரிந்தது, நன்றிங்க. ஆனால் இது சுற்றி வளைத்துத் தோப்புக்கு வரி போடுவதுதானே? அப்புறம் அந்த வட்டி எதற்கு?

பேரேடு:
கையிலிருந்து போகும் பணத்தைப் பார்த்தால் உங்களுக்கு அப்படித்தான் தோன்றும். சட்டப்படி, விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலங்களுடையது, மத்திய அரசு தொட முடியாது. அதனால் அதற்கு வரி போடாமல், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதம் என்று முடிவுசெய்ய மட்டும் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள். ராஜ் கமிட்டி பரிந்துரைத்து, 1973 நிதிச் சட்டத்திலிருந்து நடைமுறையில் இருப்பது.

வட்டி முன்வரிக்கு. டிடிஎஸ் போகக் கட்டவேண்டியது 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் வருடத்துக்குள்ளேயே தவணையில் கட்டியிருக்க வேண்டும். கம்பெனிக்குத் தோப்பு விஷயம் தெரியாது, அவர்கள் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் அவர்களிடம் சொல்லிப் பிடிக்கச் சொல்லலாம், இல்லை நீங்களே தவணையில் கட்டலாம்.

ஒன்று கேட்கிறேன்: 4 லட்சம் என்பதில் என்னென்ன செலவு கழித்தீர்கள்? Schedule EI-இல் மொத்த வரவு, செலவு இரண்டையும் தனித்தனியாகக் கேட்பார்கள். உரம், காய் வெட்டுக்கூலி, களையெடுப்பு, பயிர்க்கடன் வட்டி எல்லாம் கழியும். தேங்காய் வியாபாரி கொடுத்த சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

மாட்டுக்காரர்:
என் கேஸையும் கேட்டுக்கறேன். நெல்லும் மஞ்சளும் சேர்த்து செலவு போக 12 லட்சம் வருது. கறவை மாடு வெச்சிருக்கேன், பால்ல வருஷத்துக்கு 3,20,000 நிக்குது. எல்லாமே விவசாயம்தானே, நான் ரிட்டர்ன் போடணுமா?

பேரேடு:
பால் வருமானம் விவசாய வருமானம் ஆகாது. கோழி, மீன் வளர்ப்பும் அப்படியே. உங்கள் 3,20,000, 3 லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் போட வேண்டும். தாண்டிய 20,000, 15 லட்சத்துக்கு மேலுள்ள படியில் போய் விழுகிறது. 30 சதவீதம், 6,000. பயப்படாதீர்கள், 87A-இல் முழுதும் கழிந்துவிடும். பாலில் 3 லட்சத்துக்குள் நின்றிருந்தால் விவசாயத்தில் எவ்வளவு வந்தாலும் இந்தக் கணக்கே கிடையாது.

ITR-4 போட்டுவிடாதீர்கள், அதற்கும் 5,000 வரம்பு உண்டு. ITR-3 போக வேண்டும். உங்கள் விவசாய வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்பதால் நிலம் எந்த மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று எல்லாம் கேட்கும். பட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

தென்னைமரத்தான்:
செலவெல்லாம் கழித்தாயிற்றுங்க, பயிர்க்கடன் எடுக்கவில்லை. பட்டா என்றதும் இன்னொரு சந்தேகம். தோப்புப் பட்டா அப்பா பெயரும் என் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. பணம் மட்டும் என் கணக்கில் வருகிறது. பாதியை அப்பாவுக்குக் காட்டலாமா?

ராமநாதபுரத்தார்:
காட்டலாங்க. பட்டாவில் இரண்டு பேர் இருந்தால் பாதிப் பாதிதான்.

பேரேடு:
அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. அப்பாவின் பாதி உண்மையிலேயே அவருடையது என்றால் உங்கள் பங்கு 2 லட்சம். 3,80,000, 5 லட்சத்தில் தொடங்கி 8.8 லட்சத்தில் முடியும். வரி 28,000, தள்ளுபடி போக 3,000, செஸ்ஸோடு 3,120. வித்தியாசம் பெரிது, அதனாலேயே கேள்வி கேட்கப்படலாம். பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, இல்லை தாத்தா சொத்து பிரிக்காமல் கிடக்கிறதா? செலவு யார் செய்தது? அப்பாவின் பங்குப் பணம் அவர் கைக்குப் போனதா? பிரிக்காத குடும்பச் சொத்து என்றால் கணக்கே வேறு மாதிரிப் போகும். பத்திரத்தைப் பார்க்காமல் நான் சரி என்றோ கூடாது என்றோ சொல்லமாட்டேன்.

தென்னைமரத்தான்:
தாத்தா காலத்துப் பத்திரம்தான், அப்பாவிடம் இருக்கிறது. வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வயல்வெளி:
அடுத்த வருஷம் 12 லட்சம் வரைக்கும் வரி இல்லங்கறாங்களே, அப்ப இந்தத் தொல்லை இருக்காதுல்ல?

பேரேடு:
2025-26-க்கு அடிப்படை விலக்கு 4 லட்சம், படிகளும் மாறிவிட்டன, தள்ளுபடி வரம்பு 60,000. இவர் அளவுக்குப் பெரும்பாலும் வரி வராது. ஆனால் விவசாய வருமானத்தை முன்னால் உட்காரவைக்கும் முறை அப்படியேதான் இருக்கிறது. 10 லட்சம் சம்பளமும் பெரிய தோப்பும் வைத்திருப்பவர்கள் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.