கலைச்சொல் வேண்டுகை: ஒரு சின்னத்தைக் கறுப்பிலும் வெள்ளையிலும் வைத்துப் பார்ப்பதற்கு

சுங்கை சிப்புட், பதாகை அச்சுக்கடை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன. தேவை எப்படி எழுந்தது என்பதைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

எங்கள் பழைய தோட்டத்து மக்கள் இப்போது தாமான்களில் சிதறியிருக்கிறார்கள். அவர்களுடைய ஒன்றுகூடலுக்காகப் பழைய பெயர்ப்பலகையிலிருந்த சின்னத்தை வருடியெடுத்துத் திருத்தினேன். கரும்பச்சையில் மூன்று சிற்றிலைகள் கொண்ட ஒரு ரப்பர் இலை, அதன் நடுவே பால் பிடிக்கும் வெள்ளை மங்கு, இலைக்கு மேலே வளைந்து செல்லும் பொன்னிற எழுத்துகள், இவைதாம் சின்னம். தாளின் வெள்ளையை நீக்கி, கறுப்புச் சட்டைக்காக இலையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றும் வரைந்து, புலனத்தில் அனுப்பினேன். செயற்குழுவில் பெரியவர் ஒருவர் தம் கைப்பேசியில் கறுப்புத் திரையில் பார்த்துவிட்டு, "இலையைச் சுற்றிப் பிசிறு பிசிறாக ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதே, அதை எடுத்துவிடு தம்பி" என்றார். நான் வரைந்த கோட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அதை நீக்கிவிட்டேன். பிசிறு அப்படியே இருந்தது; சட்டையிலோ இலை கறுப்புக்குள் அமிழ்ந்துபோயிற்று.

வேண்டுமென்று வரையும் கோட்டுக்கு ஒரு சொல்லும், அது வேண்டுமா என்று முடிவு செய்ய இரண்டு பின்னணிகளிலும் வைத்துப் பார்க்கும் செயலுக்கு ஒரு சொல்லும் வேண்டும். ஒரே 'வெள்ளைக் கோடு' இருவருக்கு இரு பொருள் தந்ததால் வந்த இழப்பு இது.

ஈப்போ, மென்பொருள் பணி

பார்க்கும் செயலை 'முன்னோட்டம்' என்று சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அது முன் ஓடுவது. திரைப்படத்துக்கு முன் காட்டும் துண்டுக்குத்தான் பொருந்தும். 'முன்காட்சி' என்பதே சரி. மேலும், இதற்குத் தனிச்சொல் தேவையா என்றும் ஐயமாக உள்ளது. பின்னணி நீக்கிய படத்தைப் படத்திருத்த மென்பொருள்கள் பலவும் சாம்பல் கட்டங்களின் மேல் காட்டுகின்றன; அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். ஐயம் இருந்தால் சின்னம் முழுவதையும் சுற்றி வெள்ளைக் கோடு போட்டுவிடுங்கள். வெள்ளைத் தாளில் அது தெரியாது, கறுப்பில் தெரியும். இரண்டுக்கும் ஒரே கோப்பு போதும்.

சுங்கை சிப்புட், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

ஈப்போ நண்பர் சொன்ன பிரிப்பு தவறன்று. ஆனால் அது மட்டுமே பிரிப்பன்று. முன், நாள் என்பவை சேர்ந்து முன்னாள் ஆவதுபோல, முன், நோட்டம் என்பவை சேர்ந்தாலும் முன்னோட்டம்தான் வரும். நோட்டம் என்பது வெறும் பார்வையும் அன்று. நாணயத்தைக் கையில் வாங்கி, நல்லதா கள்ளதா என்று ஆய்ந்து சொல்வதற்கு நாணய நோட்டம் என்று பெயர் உண்டு. அச்சுக்கடைத் தம்பி கேட்பதும் அத்தகைய செயலைத்தான். காட்டுவதை அன்று, பார்த்து முடிவு சொல்வதை. ஆகவே 'ஒளியிருள் நோட்டம்' என்று முன்மொழிகிறேன்.

கோட்டுக்கு நம் வீட்டுச் சொல்லே இருக்கிறது. சேலையின் ஓரத்தில் வேறு நிறத்தில் ஓடுவதைக் கரை என்கிறோம். சின்னத்தின் ஓரத்தில் ஓடுவதையும் 'கரை' என்றே சொல்லலாமே?

கோலகங்சார், சட்டை அச்சிடுபவர்

எனக்கும் இதே தொல்லைதான், ஐயா. கறுப்புத் துணியில் நிறம் எடுப்பாக நிற்க வேண்டுமானால் முதலில் வெள்ளை மையை அடிப்பூச்சாக அச்சிட்டு, அதன்மேல் பச்சையை அச்சிடுவோம். சட்டம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அந்த வெள்ளை ஒரு பக்கமாக எட்டிப் பார்க்கும். அதனால் அடிப்பூச்சை மேல் நிறத்தைவிடச் சற்றே ஒடுக்கித்தான் அச்சுத்திரையைத் தயார் செய்வேன். தம்பியின் சட்டையில் அடிப்பூச்சை ஒடுக்காமல் விட்டிருப்பார்கள். அந்தப் பிசிறுக்கு எங்கள் கடையில் 'வெள்ளை எட்டுது' என்று சொல்வோம்.

கோலாலம்பூர், வரைகலை வடிவமைப்பாளர்

நானும் அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். மங்கு என்ற சொல்லைப் படித்ததும் பதில் எழுதத் தோன்றியது.

கோலகங்சார் அம்மா சொன்னது துணியில் நேர்வது. பெரியவர் கண்டதோ திரையில். அது மையால் வந்ததன்று. வருடியெடுத்த படத்தில் பச்சை முடிந்து தாள் தொடங்கும் இடத்தில், பாதிப் பச்சையும் பாதி வெள்ளையும் கலந்த படப்புள்ளிகள் ஒரு வரிசையாக நிற்கும். வெள்ளையைத் தேர்ந்தெடுத்து நீக்கும்போது தூய வெள்ளைதான் போகும், கலந்தவை தங்கிவிடும். வெள்ளைப் பின்னணியில் அவை இலையின் மென்மையான ஓரமாகத் தோன்றுவதால் எவரும் ஐயுறுவதில்லை. கறுப்பின்மேல் வைத்தவுடன் அறுந்த நூல்போல் தெரியும். வரைந்த கோட்டையும் இதையும் பிரித்தறிய, படத்தை எட்டு மடங்கு பெருக்கிப் பாருங்கள். வரைந்த கோடு எங்கும் ஒரே தடிப்பாக ஓடும். தங்கியது ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் அற்று, எழுத்துகளின் உள்வளைவுகளிலும் ஒட்டியிருக்கும். இதற்கும் ஒரு பெயர் வேண்டும். 'எச்ச விளிம்பு' என்கிறேன்.

சாம்பல் கட்டங்களில் எல்லாம் தெரிந்துவிடும் என்பதை ஏற்க முடியவில்லை. அந்தக் கட்டங்கள் முழு வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. எச்ச விளிம்பு அவற்றில் எளிதில் மறைந்துவிடும். இரண்டு பின்னணிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, சின்னம் உண்மையில் பயன்படும் அளவிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். கீழ்க்கண்டதை `.html` என்று முடியும் பெயருள்ள ஒரு கோப்பில் எழுதி, சின்னம் இருக்கும் அடைவிலேயே சேமித்து உலாவியில் திறந்தால் போதும்.

```
<div style="background:#ffffff;padding:40px">
  <img src="logo.png" width="48"></div>
<div style="background:#121212;padding:40px">
  <img src="logo.png" width="48"></div>
```

முழுவதற்கும் வெள்ளைக் கோடு என்ற யோசனையும் பாதிதான் சரி. இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறையின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, பொருள் உணர்த்தும் வரைவுகளுக்கும் அவற்றை ஒட்டிய நிறத்துக்கும் இடையே குறைந்தது 3க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கிறது. சின்னங்களுக்கு அந்நெறிமுறையே விலக்குத் தருகிறது. எனினும் அளவுகோலாக அதைக் கடன் வாங்கலாம். தம்பியின் பச்சை `#006400` என்றும் பொன் `#FFD700` என்றும் வைத்துக் கணக்கிட்டேன். பச்சை, வெள்ளையின்மேல் 7.4 பெறுகிறது, `#121212` என்னும் கருந்திரையின்மேல் 2.5தான். பொன்னோ கருந்திரையில் 13.4 பெற்று, வெள்ளையில் வெறும் 1.4க்கு வீழ்கிறது. இலை இருளில் தோற்கிறது, எழுத்து ஒளியில் தோற்கிறது. இலைக்கு வெள்ளைக் கோடு உதவும். வெள்ளைத் தாளில் மங்கும் பொன்னெழுத்துக்கு வெள்ளைக் கோடு என்ன உதவி செய்யும்? அதற்குக் கரும்பச்சைக் கோடுதான் வேண்டும். கருந்திரையில் அந்தக் கோடு ஏறக்குறைய மறைந்தாலும் பொன் தானே நிற்கும். மங்குக்குக் கோடே வேண்டாம். அது பின்னணியைத் தொடுவதில்லை, அதன் அண்டை நிறம் எப்போதும் பச்சைதான்.

இந்த எண்கள் திரைக்கு உரியவை. துணியில் மை எப்படி உட்காரும் என்பதற்கு ஒரு சட்டையில் அச்சிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சுங்கை சிப்புட், பதாகை அச்சுக்கடை

ஐயா, நேற்று இரவு கடையை அடைத்துவிட்டு அப்படியே செய்து பார்த்தேன். எச்ச விளிம்பை நீக்க GIMP செயலியில் `Color to Alpha` கொடுத்து வெள்ளையை நீக்கினேன். வெள்ளைப் பின்னணியில் சின்னம் பழுதின்றி இருந்தது. கீழே கருந்திரையில் பார்த்தால், மங்கு கறுத்துக் கிடந்தது! விளிம்பு வெள்ளையோடு மங்கின் வெள்ளையும் போய், இலை நடுவே ஓட்டையாகியிருக்கிறது. மேலே இருந்த படத்தை மட்டும் பார்த்திருந்தால் அப்படியே அனுப்பியிருப்பேன். பிறகு இலையின் வெளி ஓரத்தில் இரண்டு படப்புள்ளி அகலத்துக்கு மட்டும் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் அதைச் செய்தேன். பிசிறு போயிற்று, மங்கு தங்கிற்று.

அடுத்துக் கோடு. 1000 படப்புள்ளி அகலமுள்ள மூலப்படத்தில் நான் முன்பு வரைந்தது 6 படப்புள்ளித் தடிப்பு. புலனக் குழுவின் சிறு வட்டத்தில் 48 படப்புள்ளியாகச் சுருங்கும்போது அது ஒரு படப்புள்ளியில் மூன்றில் ஒரு பங்குகூட வருவதில்லை. சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தது. ஒரு முழுப் படப்புள்ளியாவது நிற்க மூலத்தில் 21 வேண்டும். அவ்வளவு தடிப்பாகப் போட்டால் கறுப்புச் சட்டையின் பெரிய படத்தில் இலை வெள்ளைச் சட்டம் போட்டதுபோல் ஆகிறது. ஆகவே சிறு வட்டத்துக்கு ஒன்றும் சட்டைக்கு ஒன்றுமாக இரண்டு கோப்புகள் வைக்கப் போகிறேன்.

'ஒளியிருள் நோட்டம்' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 'கரை'யில்தான் தயக்கம். எழுத்தில் கரையும் கறையும் வேறு. நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. தொலைபேசியில் "சின்னத்தைச் சுற்றிக் கரை போடட்டுமா" என்று கேட்டால், அந்தப் பெரியவர் அழுக்கு என்றே எண்ணுவார். மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

ஈப்போ, மென்பொருள் பணி

முழுவதற்கும் ஒரே கோடு என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பொன்னெழுத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கோட்டுக்குப் 'புறவரி' எப்படி?

சுங்கை சிப்புட், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

தம்பியின் தயக்கம் நியாயமானது. வகுப்பில் ரகர றகர வேறுபாட்டோடு நாள்தோறும் போராடுகிறவன் என்ற முறையில் அதை ஒப்புக்கொள்கிறேன். புறவரியில் வரி என்றதும் வரிப்பணம் நினைவுக்கு வரும் என்றாலும், வரிக்குதிரையின் வரியும் அதே சொல்தான். 'காப்புக்கரை' என்று முன்னொட்டுச் சேர்த்தால் அழுக்கு என்ற பொருள் விலகிவிடும் என்றும் தோன்றுகிறது. நிறம் பின்னணிக்குள் அமிழாமல் காப்பதுதானே அதன் வேலை.

எச்ச விளிம்புக்கு மறுப்பு எதுவும் வரவில்லை. ஒளியிருள் நோட்டத்துக்கும் வரவில்லை. புறவரியா காப்புக்கரையா என்பதைக் கடையில் வாடிக்கையாளர்களிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டுத் தம்பியே எழுதட்டும். கோலகங்சார் அம்மாவின் 'வெள்ளை எட்டுது' என்பதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். அடிப்பூச்சு எட்டிப் பார்ப்பதற்கு அதைவிடச் சரியான சொல்லை என்னால் ஆக்க முடியவில்லை.